ஏதென்ஸ் வீட்டுச் சங்கிலிச் சத்தம்: ஓர் ஆவி ஏன் தங்கியது, எப்படிப் போனது

பேய்க்கதை கேட்கும்போது பேய் வருகிற இடத்தில்தான் எல்லோரும் காதைத் தீட்டிக்கொள்வோம். பல வருடம் இந்தக் கதைகளைப் படித்த பிறகு எனக்கு வேறொரு பழக்கம் வந்துவிட்டது. பேய் போகிற இடத்தை முதலில் பார்ப்பேன். செத்தவர் ஏன் திரும்பி வந்தார் என்பதற்குக் கதைக்குள் இருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். கொலை என்பார் ஒருவர், ஆசை என்பார் இன்னொருவர், காரியம் செய்யவில்லை என்பார் மூன்றாமவர். ஆனால் எதைச் செய்ததும் அந்த ஆவி அடங்கியதோ, அதுதான் அது தங்கியதற்கான காரணம். நோய் எது என்று மருந்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது மாதிரி.

இதைச் சோதித்துப் பார்க்க ஏதென்ஸ் நகரத்து வீடு ஒன்றின் கதையை எடுத்துக்கொள்கிறேன். எழுதி வைத்தவர் ரோமானியரான இளைய பிளினி. கி.பி. 100-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லிசினியஸ் சூரா என்பவருக்கு எழுதிய கடிதத்தில், ஆவிகள் உண்மையிலேயே உண்டா, அல்லது நம் பயம்தான் உருவம் எடுத்து நிற்கிறதா என்று கேட்கிறார். கேட்டுவிட்டு மூன்று சம்பவங்களை எழுதுகிறார். நடுவில் வருவது இந்த வீடு. இதைத் தான் கேள்விப்பட்டபடி சொல்வதாகவே எழுதுகிறார்.

பெரிய வீடு, தாராளமான இடம், ஆனால் கெட்ட பெயர். நடு இரவில் இரும்பு உரசும் சத்தம் கேட்கும். கவனித்தால் அது சங்கிலி என்று தெரியும். முதலில் தூரத்தில், அப்புறம் பக்கத்தில். பிறகு ஒரு கிழவர் தெரிவார். மெலிந்து, அழுக்கேறி, நீண்ட தாடியும் சிலிர்த்த தலைமுடியுமாக, காலில் விலங்கு, கையில் சங்கிலி. அதை ஆட்டிக்கொண்டே வருவார். குடியிருந்தவர்களுக்குத் தூக்கம் போனது. தூக்கம் போனதால் நோய் வந்தது, பயம் முற்றிச் சாவும் வந்தது. பகலில் உருவம் இல்லாதபோதும் அதன் நினைவு கண்ணிலேயே நின்றது என்கிறார் பிளினி. கடைசியில் வீடு காலியானது. விவரம் தெரியாத யாராவது வாங்கட்டும் அல்லது வாடகைக்கு எடுக்கட்டும் என்று அறிவிப்பு மட்டும் தொங்கியது.

அந்தச் சமயத்தில் அதெனோதோரஸ் என்ற தத்துவ அறிஞர் நகரத்துக்கு வருகிறார். அறிவிப்பைப் படிக்கிறார். இவ்வளவு மலிவாக ஏன் கொடுக்கிறார்கள் என்று சந்தேகம் வந்து விசாரிக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும், சொல்லப்போனால் தெரிந்துகொண்டதாலேயே, வீட்டை எடுக்கிறார்.

இருட்டத் தொடங்கியதும் வீட்டின் முன்பகுதியில் தனக்குப் படுக்கை போடச் சொல்கிறார். எழுதும் பலகை, எழுத்தாணி, விளக்கு மூன்றையும் வாங்கிக்கொண்டு, கூட வந்தவர்களை உள்ளே அனுப்பிவிடுகிறார். மனம் சும்மா இருந்தால் இல்லாததையெல்லாம் உண்டாக்கிவிடும் என்பதால் எழுத்திலேயே கண்ணையும் கருத்தையும் வைக்கிறார். முதலில் அமைதி. பிறகு இரும்புச் சத்தம். அவர் தலை நிமிரவில்லை, எழுத்தாணியைக் கீழே வைக்கவும் இல்லை. சத்தம் வாசலுக்கு வருகிறது, வாசலைத் தாண்டி உள்ளே வருகிறது. அப்போதுதான் திரும்பிப் பார்க்கிறார். சொன்ன அடையாளங்களோடு அந்த உருவம் நின்றுகொண்டு, கூப்பிடுவதைப் போல விரலை அசைக்கிறது. இவர், கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு எழுத்தைத் தொடர்கிறார். எழுதுகிறவரின் தலைக்கு மேலே அது சங்கிலியைக் குலுக்குகிறது. மறுபடி பார்க்கிறார், அதே விரல், அதே சைகை. இந்த முறை விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்து பின்னால் போகிறார். சங்கிலியின் பாரம் இழுப்பதைப் போல அது மெதுவாக நடக்கிறது. முற்றத்துக்குள் திரும்பியதும் சட்டென்று மறைகிறது. அவர் கொஞ்சம் புல்லையும் இலையையும் பிடுங்கி, மறைந்த இடத்தில் அடையாளமாக வைக்கிறார்.

மறுநாள் நகர அதிகாரிகளிடம் போய் அந்த இடத்தைத் தோண்டச் சொல்கிறார். தோண்டினால் எலும்புகள், சங்கிலியோடு பின்னிக்கொண்டு. சதையைக் காலமும் மண்ணும் தின்றுவிட்டன. எலும்பைப் பொறுக்கிச் சேர்த்து, ஊர் சார்பில் முறைப்படி அடக்கம் செய்கிறார்கள். அதன்பின் அந்த வீட்டில் தொல்லை இல்லை.

சரி, கதை சொல்லாமல் விட்டது எது என்று இப்போது பார்ப்போம். அந்தக் கிழவரின் பெயர் கடைசிவரை வரவில்லை. அவரைச் சங்கிலியில் பூட்டியது யார், அவர் கொல்லப்பட்டாரா, பட்டினியில் செத்தாரா, எத்தனை வருடம் மண்ணுக்குள் கிடந்தார், எதுவும் இல்லை. குற்றவாளியைத் தேடிப் போகிற ஒரு வரிகூட இல்லை. ஒரு மனிதரை விலங்கோடு முற்றத்தில் புதைத்திருக்கிறார்கள் என்றால் நமக்கு முதலில் வரும் கேள்வி, செய்தது யார் என்பதுதான். ஆவி அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அது ஓர் இடத்தைக் காட்டியது, அவ்வளவுதான்.

செத்தவர்கள் தங்கிப்போவதற்கு நாட்டார் கதைகள் வழக்கமாகச் சொல்லும் மூன்று காரணங்களுக்கும் இதில் தடயம் இருக்கிறது. விலங்கு, கொடுமையான சாவைக் காட்டுகிறது. கூப்பிடும் விரல், தீராத வேலை ஒன்று இருப்பதைக் காட்டுகிறது. முற்றத்து மண், ஈமச்சடங்கு நடக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. உலகத்துக் கதைக்கூறுகளைத் தொகுத்து எண் கொடுத்த ஸ்டித் தாம்சனும் இந்த மூன்றையும் தனித்தனி எண்ணில்தான் வைத்தார். தேடி எடுக்க அந்தப் பிரிவு வசதியானது. ஆனால் ஒரே கதையில் மூன்றும் இருக்கும்போது எது முதன்மை என்று எண் சொல்லாது. மருந்து சொல்லும். இங்கே கொலைக்குத் தண்டனை கிடைக்கவில்லை, ஆசை எதுவும் நிறைவேற்றப்படவில்லை, அடக்கம் மட்டும் நடந்தது. ஆவி போய்விட்டது.

இங்கே ஒரு கேள்வி வர வேண்டும். அந்த உடல் ஏற்கெனவே மண்ணுக்குள்தானே இருந்தது? எடுத்து மறுபடி மண்ணில் வைத்ததால் என்ன மாறியது?

எனக்குத் தெரிந்து இதற்கு மிகத் தெளிவான பதில் பிளினிக்கு ஏறத்தாழ முந்நூறு வருடம் முந்தைய ஒரு நகைச்சுவை நாடகத்தில் இருக்கிறது. எழுதியவர் பிளாட்டஸ். வெளியூர் போயிருந்த முதலாளி திடீரென்று திரும்பி வருகிறார். உள்ளே அவர் மகன் நண்பர்களோடு கும்மாளம் போட்டுக்கொண்டிருக்கிறான். முதலாளியை வாசலிலேயே நிறுத்துவதற்காக வீட்டில் பேய் இருக்கிறது என்று அடிமை ஒரு கதை கட்டுகிறான். கடல் கடந்து வந்த விருந்தாளி ஒருவனை இந்த வீட்டுக்காரன் பொன்னுக்காகக் கொன்றுவிட்டான், காலத்துக்கு முன்னால் செத்ததால் கீழுலகம் அவனை ஏற்கவில்லை, அடக்கம் இல்லாதவனாகவே அவனை இந்த வீட்டுக்குள் ரகசியமாகப் புதைத்துவிட்டார்கள் என்பது அவன் கட்டும் கதை. அந்தக் கடைசிப் பகுதியைப் பாருங்கள். புதைத்தார்கள், ஆனால் அடக்கம் இல்லை. லத்தீனில் இரண்டுக்கும் வேறு வேறு சொல். முதலாவது குழி தோண்டி மூடுவது. இரண்டாவது செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து அனுப்புவது.

இது பொய்க்கதை என்பதாலேயே எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம். உண்மையில் நடந்ததைச் சொல்கிறவர் வினோதமான விவரங்களையும் சேர்த்துச் சொல்வார். பொய் சொல்கிறவனோ கேட்பவர் ஏற்கெனவே நம்புவதைத்தான் சொல்வான். அந்த அடிமை கொலை, காலத்துக்கு முந்தைய சாவு, அடக்கம் இல்லாமை என்று மூன்று காரணத்தை ஒரே மூச்சில் அடுக்குகிறான் என்றால், அன்றைய பார்வையாளர்களுக்கு அவை அவ்வளவு பழக்கமாக இருந்தன என்றுதான் பொருள்.

மண்ணின் அளவு ஒரு பிரச்சினையே இல்லை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. கடலில் செத்துக் கரை ஒதுங்கிய ஒருவன், அந்த வழியாகப் போகும் மாலுமியிடம் கேட்பதாக ரோமானியக் கவிஞர் ஹொரேஸ் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அவசரமாக இருந்தாலும் பரவாயில்லை, மூன்று முறை மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுப் போ என்கிறான். உடம்பு மூடாது அந்த மண்ணில். ஆனால் ஒரு மனிதர் நின்று, இது ஒரு சவம், இதற்குச் செய்ய வேண்டியது உண்டு என்று ஏற்றுக்கொண்டு போட்ட மண் அது. ஏதென்ஸ் முற்றத்தில் ஆளையே மூடும் அளவுக்கு மண் இருந்தது. அந்த மண் மறைப்பதற்காகப் போட்டது. அதெனோதோரஸ் தானே ராத்திரியில் தோண்டி வேறொரு குழியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. அவர் அப்படிச் செய்யவில்லை. விடியும்வரை காத்திருந்து அதிகாரிகளைக் கூட்டிவந்தார். சாவு மறைக்கப்பட்டிருந்ததால் அது பகிரங்கமாக வேண்டியிருந்தது. கொள்ளி வைக்க உறவு யார் என்று தெரியாததால் ஊரே உறவாக நின்றது. பிளினி அந்த ஒரு சொல்லை, ஊர் சார்பில் என்பதை, விடாமல் எழுதியிருக்கிறார்.

இனி இந்த முடிவை வேறு கதைகளில் உரசிப் பார்க்கலாம். ஹோமரின் இலியத் காவியத்தில் வீரன் அக்கிலிஸின் நண்பன் பட்ரோக்ளஸ் போரில் கொல்லப்படுகிறான். கொன்ற ஹெக்டரை அக்கிலிஸ் பழிக்குப் பழி வாங்கிவிடுகிறான். அதற்குப் பிறகுதான், அன்று இரவுதான், பட்ரோக்ளஸின் ஆவி அக்கிலிஸின் தலைமாட்டில் வந்து நிற்கிறது. பழி தீர்த்ததற்கு நன்றி சொல்லவில்லை. தூங்குகிறாயே, என்னை மறந்துவிட்டாயே, சீக்கிரம் என்னை அடக்கம் செய், கீழுலக வாசலைத் தாண்ட முடியவில்லை, மற்ற ஆவிகள் என்னை ஆற்றைக் கடந்து சேர விடமாட்டேன் என்கின்றன என்று சொல்கிறது. கொடுஞ்சாவுதான் காரணம் என்றால் ஹெக்டர் விழுந்ததோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியில், அதன் நாயகன் ஒடிசியஸின் ஆட்களில் எல்பெனோர் என்ற இளைஞன் குடித்துவிட்டுக் கூரைமேல் தூங்கி, காலையில் ஏணி இருப்பதை மறந்து இறங்கப் போய்க் கீழே விழுந்து கழுத்து முறிந்து சாகிறான். கொலை இல்லை, பகை இல்லை. கிளம்பும் அவசரத்தில் அவனை அடக்கம் செய்யாமல் விட்டுவிட்டார்கள். ஒடிசியஸ் இறந்தவர்களின் உலகத்துக்குப் போனதும் முதலில் எதிரே வருவது இவன்தான். என் ஆயுதங்களோடு என்னை எரித்து, கடலோரம் மண்மேடு எழுப்பி, நான் வலித்த துடுப்பை அதன்மேல் நட்டு வை என்கிறான். ஒடிசியஸ் திரும்பிப் போய் அதை அப்படியே செய்கிறான். யாரும் தப்புச் செய்யாத சாவிலும் ஆவி நிற்கிறது, சடங்கு விட்டுப்போனால் போதும்.

நிறைவேறாத ஆசை என்ற காரணம் இருக்கிறதே, அதுதான் நமக்கு மிகவும் பழக்கமானது. ஆசை தீராமல் செத்தால் நெஞ்சு வேகாது என்று சொல்கிறோம். ஆனால் பழைய கதைகளை மருந்து வழியாகப் பார்த்தால் தனித்து நிற்பதில் இதுதான் பலவீனமானது என்று எனக்குப் படுகிறது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் மெலிஸ்ஸாவின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் கொரிந்து நகரத்துக் கொடுங்கோலன் பெரியாண்டரின் மனைவி. அவளைக் கொன்றதே அவன்தான். பிறகு, நண்பர் ஒருவர் ஒப்படைத்துவிட்டுப் போன பொருள் எங்கே இருக்கிறது என்று தெரியாமல், இறந்தவர்களிடம் குறி கேட்கும் இடத்துக்கு ஆளனுப்புகிறான். மெலிஸ்ஸா தோன்றுகிறாள், ஆனால் சொல்ல மறுக்கிறாள். குளிருகிறது, உடுத்த ஒன்றுமில்லை, என்னோடு துணிகளைப் புதைத்தீர்களே தவிர எரிக்கவில்லை, அதனால் அவை எனக்கு உதவவில்லை என்கிறாள். பெரியாண்டர் ஊர்ப் பெண்களையெல்லாம் ஹீரா கோவிலுக்கு வரச்சொல்லி, அவர்கள் திருவிழாவுக்கு வருவதைப் போல உடுத்தி வந்த நல்ல துணிகளைப் பறித்து, ஒரு குழியில் போட்டு அவள் பெயரைச் சொல்லி எரிக்கிறான். இரண்டாவது முறை கேட்டதும் மெலிஸ்ஸா இடத்தைச் சொல்லிவிடுகிறாள்.

கொன்றவனிடமே பேசுகிறாள், கொலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. துணியைப் பற்றித்தான் பேச்சு. சடங்கு நடந்தது, ஆனால் அரைகுறையாக நடந்தது. தீராத வேலை என்று ஒன்று இந்தக் கதையில் இருந்தால் அது உயிரோடு இருப்பவனின் வேலை. பொருளைத் தேடுகிறவன் அவன்தான். ஆவியிடம் இருப்பது பதில். அந்தப் பதிலைக் கொடுக்க, தனக்குச் சேர வேண்டியதை அது கேட்கிறது. புதையலைக் காட்டும் ஆவி, கடனைச் சொல்லும் ஆவி என்று வரும் கதைகளில் பலவும் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன.

ஏதென்ஸ் கதைக்குப் பிறகு, கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் லூசியன் என்ற அங்கத எழுத்தாளர் கிரேக்கத்தில் எழுதிய ஒரு கதை உண்டு. அதில் வீடு கொரிந்தில். போகிறவர் அரிக்னோட்டஸ் என்பவர், கையில் எகிப்திய மந்திர நூல்கள். ஆவி பயங்கரமாக இருக்கிறது. நாயாகிறது, காளையாகிறது, சிங்கமாகிறது. இவர் எகிப்திய மொழியில் மந்திரம் சொல்லி அதை ஒரு மூலைக்குத் துரத்துகிறார். அது மறைந்த இடத்தைக் குறித்துக்கொண்டு காலையில் தோண்டச் செய்கிறார். எலும்புக்கூடு கிடைக்கிறது. அடக்கம் செய்கிறார்கள். வீடு அமைதியாகிறது. இப்படிப்பட்ட கதைகளை நம்புகிறவர்களைக் கேலி செய்யத்தான் லூசியன் இதை எழுதினார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஆவியின் குணம் தலைகீழாக மாறிவிட்டது. கூப்பிட்டது இப்போது பாய்கிறது. பொறுமையாக எழுதிக்கொண்டிருந்தவர் இருந்த இடத்தில் மந்திரவாதி. ஆனால் இடம் குறித்தல், விடியக் காத்திருத்தல், தோண்டல், எலும்பு, அடக்கம், இந்த வரிசை அசையவில்லை. சொல்கிறவர்கள் மனம்போல மாற்றிய பகுதி எது, மாற்றினால் கதையே நிற்காது என்று அவர்களுக்கே தெரிந்த பகுதி எது என்று இதில் பிரித்துப் பார்க்கலாம்.

அப்படியானால் எல்லாமே சடங்குதானா என்றால், இல்லை. என் முடிவுக்கு அடங்காத கதைகள் உண்டு, அவற்றை மறைத்துவிட்டுப் போவது சரியில்லை. கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ அறிஞர், தன் காலத்து மக்கள் நம்பியதை மறுப்பதற்காக எழுதும்போது மூன்று வகை ஆவிகளைக் குறிப்பிடுகிறார். அடக்கம் ஆகாதவர்கள், காலத்துக்கு முன்னால் செத்தவர்கள், வன்முறையில் செத்தவர்கள். இரண்டாவது வகையினர், இருந்திருந்தால் எத்தனை வருடம் வாழ்ந்திருப்பார்களோ அந்த மிச்ச ஆயுள் தீரும்வரை இங்கேயே அலைவார்கள் என்பது அந்த நம்பிக்கை. இவர்களுக்குச் சடங்கு குறையவில்லை, வருடங்கள்தான் குறைந்தன. வருடத்தைக் கொடுக்க யாராலும் முடியாது. அதனால் இங்கே மருந்தே இல்லை, காத்திருப்பதுதான். பிளாட்டஸின் அடிமை, காலத்துக்கு முன்னால் செத்ததால் கீழுலகம் ஏற்கவில்லை என்று சொன்னது இந்த நம்பிக்கையைத்தான்.

1907-இல் ராபர்ட் ஹெர்ட்ஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் சாவுச் சடங்குகளைப் பற்றி எழுதிய கட்டுரை இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது. பல சமூகங்களில் சாவு ஒரு நொடியில் முடிவதில்லை என்கிறார் அவர். உடல் ஓர் இடைக்காலத்தைக் கடக்கிறது, உயிரும் கடக்கிறது, துக்கம் காப்பவர்களும் கடக்கிறார்கள். கடைசிச் சடங்கு இந்த மூவரையும் ஒரே சமயத்தில் அக்கரை சேர்க்கிறது. ஆனால் கொலை, தற்கொலை, பிரசவத்தில் சாவு, இடி விழுந்து சாவு போன்றவற்றில் உயிரோடு இருப்பவர்களின் அதிர்ச்சி அடங்குவதில்லை. அதனால் வழக்கமான சடங்கு அங்கே வேலை செய்வதில்லை, இடைக்காலம் முடிவில்லாமல் நீள்கிறது. ஆக, துர்மரணம் தனிக் காரணம்தான். அது நிற்பது செத்தவரிடமா, பார்த்தவர்களிடமா என்பதில்தான் எனக்குக் கேள்வி.

இதைப் பிரித்துக் காட்டும் ஒரே சம்பவம் என்று நான் நினைப்பது கலிகுலாவின் சாவு. கி.பி. 41-இல் அந்த ரோமப் பேரரசரை அவருடைய காவல் படையினரே அரண்மனைப் பகுதியில் வெட்டிக் கொன்றார்கள். பிறகு நடந்ததை பிளினியின் நண்பரான சுவெட்டோனியஸ் எழுதியிருக்கிறார். உடலை ரகசியமாக லாமியா தோட்டத்துக்குக் கொண்டுபோய், அவசரச் சிதையில் பாதி எரித்து, மேலாகக் கொஞ்சம் புல்மண்ணைப் போட்டு மூடினார்கள். நாடுகடத்தப்பட்டிருந்த சகோதரிகள் திரும்பி வந்த பிறகுதான் அதைத் தோண்டியெடுத்து, முழுமையாக எரித்து, முறைப்படி அடக்கம் செய்தார்கள். அதுவரை தோட்டக் காவலர்களை ஆவி உருவங்கள் படுத்தின. அவர் கொல்லப்பட்ட வீட்டிலோ, திகில் இல்லாமல் ஓர் இரவும் கழியவில்லை. அந்த வீடே தீயில் எரிந்து போகும்வரை அது தொடர்ந்தது.

ஒரே மனிதர், ஒரே சாவு, இரண்டு இடம், இரண்டு மருந்து. தோட்டத்தில் உடல் இருந்தது, அரைகுறைச் சடங்கு இருந்தது. முழுச் சடங்கு நடந்ததும் அங்கே தொல்லை நின்றது. வீட்டில் உடல் இல்லை, நடந்த கொலை மட்டும்தான் இருந்தது. சகோதரிகள் செய்த அடக்கம் அந்த வீட்டைத் தொடவில்லை. விட்டுப்போன சடங்கு உடலோடு ஒட்டிக்கொள்கிறது, கொடுஞ்சாவு நடந்த இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்று இதைப் படிக்கிறேன்.

இந்த அளவுகோலோடு ஏதென்ஸ் முற்றத்துக்குத் திரும்பினால் என் ஆய்வின் எல்லையும் தெரிகிறது. அங்கே உடல் கிடந்த இடம் தெரியும். அந்தக் கிழவர் செத்ததும் அதே வீட்டில்தானா என்று பிளினி சொல்லவில்லை. வேறெங்கோ செத்தவரைக் கொண்டுவந்து புதைத்திருந்தால், அடக்கத்தோடு வீடு அமைதியானதில் வியப்பில்லை, உடல் மட்டும்தானே அங்கே இருந்தது. அந்த வீட்டிலேயே விலங்கோடு செத்திருந்தால், கலிகுலாவின் வீட்டுக்கு நடந்தது ஏன் அதற்கு நடக்கவில்லை என்று கேட்க வேண்டியிருக்கும். அதற்கு என்னிடம் உள்ள பதில், அங்கே கூடி நின்று எலும்பைப் பொறுக்கிய ஊர்தான். கலிகுலாவை முதலில் ரகசியமாகத்தான் எரித்தார்கள். பிறகு எடுத்து அடக்கம் செய்ததும் சகோதரிகள்தான், ஊர் சார்பில் என்ற சொல் அங்கே வரவில்லை.